சுவரில் ஏறாத படம்

ஆறடிக்கு நாலடி பலகை. ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, தாளுக்குத் தாள் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு வரிசைக்கு 5 படம் மாட்டலாம். அப்படி 4 வரிசை போட்ட பிறகு, மேலே தலைப்பு எழுதுவதற்கு ஒரு சாண் இடம் மிஞ்சும். ஆக மொத்தம் 20 படங்கள். வகுப்பிலோ 34 பிள்ளைகள்.

நம் ஊர்த் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளில் பின்சுவர்ப் பலகையின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. 20 வீடுகளில் அன்று மாலை சந்தோஷம். மீதி 14 வீடுகளுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த 14 அம்மாக்களும் அப்பாக்களும் பலகை முன்னால் நின்று, மூலையில் எழுதியிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். இரண்டாவது தடவையும் படிப்பார்கள். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "உன்னுது எங்கடி?" என்பார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு இதற்குப் பதில் தெரியாது. தேர்ந்தெடுத்தது அவள் இல்லையே.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். பலகை திறக்கும் முன்பே அரைப்பக்கக் குறிப்பாக எழுதிச் சொல்லிவிடுவது நல்லது. அதை எப்படி எழுதுவது என்று ஆசிரியர் பயிற்சியில் பெரிதாக யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு படத்தையும் ஒரு குறிப்பையும் எடுத்துக்கொண்டு இதைப் பார்த்துவிடலாம். குழந்தைக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. பலகையின் தலைப்பு "எங்கள் தெருவில் மழை".

கயலின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் ஒருமுறையாவது வரைந்த படம் அது. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன். மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு. தூரத்தில் ஒல்லியாகவும் கிட்டத்தில் அகலமாகவும் இருக்கும். வலது பக்கம் ஓலைக் குடிசை, அதன் மேல் சாய்ந்த தென்னை மரம். வானத்தில் நான்கைந்து பறவைகள், எல்லாம் கவிழ்ந்த வளைகோடுகள். தலைப்பு மழை என்பதால் படம் முழுக்க நீல ஸ்கெட்ச் பேனாவில் சாய்கோடுகள் போட்டிருக்கிறது. சூரியனும் எரிகிறது, மழையும் பெய்கிறது. வகுப்பிலேயே சுத்தமான படம் இதுதான். வண்ணம் எந்த இடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை.

பலகையில் ஏறிய படங்களில் ஒன்று இப்படி இருக்கிறது. ஒரு பேருந்து. அதன் பக்கவாட்டுத் தகடு கண்ணாடி போல, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால், செருப்பு, மடியில் இருக்கும் பை எல்லாம் தெரிகின்றன. பேருந்தை விட ஒரு பாட்டி உயரமாக நிற்கிறாள். கையில் குடை. தெருவின் இருபுறமும் வீடுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்து வீடுகள் நிமிர்ந்து நிற்க, எதிர்ப்பக்கத்து வீடுகள் தலைகீழாகக் கிடக்கின்றன. தண்ணீர் ஒரு பட்டையான பழுப்புக் கோடு. பச்சை வண்ணம் கோட்டை மீறி எங்கெங்கோ போயிருக்கிறது.

கயலின் அம்மா இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன நினைப்பார்? "இந்தக் கோணல்மாணலை எடுத்திருக்காங்க, நம்ம புள்ளையோடத விட்டுட்டாங்க" என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. குழந்தைப் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஜார்ஜ்-ஹென்றி லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் தன் மகள் வரைந்த படங்களை வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, 1913இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டுகொண்டது இது: சின்னக் குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பேருந்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியும். அதனால் தகடு மறைக்காது. தெருவின் இரு பக்கமும் வீடு இருக்கிறது என்று தெரியும். நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்து வரைந்தால் எதிர்ச்சாரி வீடுகள் தாளில் தலைகீழாகத்தான் விழும். தாளை அரைவட்டம் திருப்பினால் அவை நேராக நிற்கும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் எழுதிய தன் நூலில் இந்த வளர்ச்சியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ ஏழிலிருந்து ஒன்பது வயது வரை குழந்தை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன் மேல் நிறுத்தும். வானம் மேலே ஒரு பட்டையாக இருக்கும். நடுவில் ஒன்றும் இருக்காது. தனக்கு முக்கியமான ஆள் பெரிதாக இருப்பார். மழையில் குடை பிடித்துக் கூட்டி வந்தவள் பாட்டி. எனவே பேருந்தை விட உயரம்.

இப்போது கயலின் படத்துக்குத் திரும்புவோம். அதில் தரைக்கோடு இல்லை. ஆறு தூரத்தில் குறுகுகிறது. மலை சூரியனைப் பாதி மறைக்கிறது, மரம் குடிசையின் ஓரத்தை மறைக்கிறது. தூரத்தில் இருப்பது சிறுத்துப் போவதையும் ஒன்றை ஒன்று மறைப்பதையும் ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடித்து வரைய பொதுவாக இன்னும் சில வருடம் ஆகும். எனவே இந்தக் காட்சி எங்கிருந்தோ தயாராக வந்திருக்கிறது. அண்ணனின் நோட்டிலிருந்தோ, கைப்பேசியில் பார்த்த வீடியோவிலிருந்தோ, வரைகலை வகுப்பிலிருந்தோ வந்திருக்கலாம். பெரியவர் ஒருவர் கோடு போட்டுக் கொடுத்தும் இருக்கலாம்.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கிரேயான் மெழுகு ஒரு இடத்தில் அழுத்தமாகப் பளபளத்து, வேறு இடத்தில் லேசாக ஒரே சீராக ஓடியிருந்தால் இரண்டு கைகள் பட்டிருக்கக்கூடும். வண்ணத்துக்கு அடியில் ஒல்லியான பென்சில் கோடு, அழித்த தடமே இல்லாமல் ஒரே மூச்சில் போயிருந்தால் அதுவும் ஒரு தடயம். ஏழு வயதுக் கை நின்று நின்றுதான் போகும், ரப்பர் போட்டுத் தாளைக் கொஞ்சம் கசக்கும். ஆனால் இவை எதுவும் சாட்சியம் ஆகாது. அதே காட்சியை ஐம்பது முறை வரைந்து பழகிய பிள்ளையின் கோடும் தயங்காமல்தான் போகும். அதனால் தாளை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது.

குழந்தையிடம் கேட்கலாம். கேட்கிற விதம் ஒன்று உண்டு. "இது நீயே வரைஞ்சதா?" என்று கேட்டால் அது விசாரணை. எந்தப் பிள்ளையும் தலையை ஆட்டிவிட்டுக் கீழே பார்க்கும். "இந்தப் படத்தைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டால் பேசும். கயல் இப்படிச் சொல்கிறாள்: "இது மலை மிஸ். இது ஆறு. ஆறு அம்மா போட்டாங்க. நான் கூரைக்குக் கலர் அடிச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தெருவுல மழை பெஞ்சா என்ன ஆகும்?" என்று மிஸ் கேட்க, முகம் மாறுகிறது. வாசலில் தண்ணீர் நிற்கும். தாத்தா செங்கல்லை வரிசையாகப் போடுவார். அதன் மேல் ஒற்றைக்காலில் தாண்டி வர வேண்டும். ஒரு தடவை தம்பி விழுந்துவிட்டான்.

பலகைக்கு வேண்டியிருந்த படம் அந்தப் பேச்சில் இருந்தது, தாளில் இல்லை. ஆசிரியர் வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தியும் அதுதான்.

குறிப்பில் வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். "இடம் போதாமையால் தங்கள் குழந்தையின் படத்தை வைக்க இயலவில்லை." இது பாதி உண்மை. இடம் 20 தான், சரி. ஆனால் அந்த இருபதில் ஒன்றாக ஏன் இல்லை என்பதற்கு இது பதில் ஆகாது. பலகையின் ஓரத்தில் ஒரு தாள் அளவு காலியாக இருந்துவிட்டால் பிள்ளை அதைப் பார்த்துவிடும். அதன் பிறகு மிஸ் சொல்லும் வேறு வார்த்தைகளுக்கும் மதிப்பு குறையும். இன்னொரு வழக்கம்: "அடுத்த முறை இன்னும் சிறப்பாக முயற்சி செய்யவும்." இதைப் படிக்கும் வீட்டில் என்ன நடக்கும்? வார இறுதியில் கயலை உட்கார வைத்து, ஆற்றை இன்னும் நேர்த்தியாக வரையச் சொல்லிக் கொடுப்பார்கள். எந்தக் காரணத்தால் படம் விடுபட்டதோ, அதையே இரண்டு மடங்காகச் செய்யச் சொல்கிற வரி அது. மூன்றாவது வகைதான் மிக மோசம்: "பெற்றோர் வரைந்து கொடுத்த படங்கள் ஏற்கப்படமாட்டா." குழந்தை நம்பிச் சொன்ன ஒரு வரியை ஆசிரியர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், அன்று இரவு "ஏன்டி போய்ச் சொன்னே?" என்ற கேள்வி வரும். கயல் இனிமேல் படத்தைப் பற்றி மிஸ்ஸிடம் வாய் திறக்க மாட்டாள்.

கயலின் ஆசிரியர் எழுத வேண்டிய குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள கயலின் அம்மா, அப்பாவுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு வரும்போது எங்கள் வகுப்பின் பின்சுவர்ப் பலகையில் 20 படங்களைப் பார்ப்பீர்கள். கயலின் படம் அவற்றில் இல்லை. நேரில் வந்து தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். கயலிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன்.

பலகைக்கு 'எங்கள் தெருவில் மழை' என்று தலைப்பு வைத்திருந்தோம். மழை நாளில் அவரவர் தெருவில் என்ன பார்த்தார்கள் என்பது தெரிகிற படங்களை எடுத்தேன். எது அழகு, எது சுத்தம் என்று பார்த்து எடுக்கவில்லை.

கயலின் படத்தில் மலையும் ஆறும் குடிசையும் இருக்கின்றன. கூரை ஓலையை ஒவ்வொரு கோடாகப் பொறுமையாக நிரப்பியிருக்கிறாள். ஆனால் உங்கள் தெரு அந்தப் படத்தில் இல்லை. அதனால்தான் இந்தப் பலகைக்கு எடுக்கவில்லை.

மழை பெய்தால் தாத்தா வாசலில் செங்கல் போடுவதையும், அதன் மேல் தாண்டி வருவதையும் என்னிடம் விரிவாகச் சொன்னாள். அதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிப் படத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வாய்ப்பு இருந்தால் அதை அவளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.

இதற்காக வேறு படம் வரைந்து அனுப்ப வேண்டாம். ஜனவரியில் பலகை மாறும். இப்போது இடம்பெறாத 14 பேரின் படங்களுக்கு அப்போது முதல் இடம். சனிக்கிழமை கயலின் படக் கோப்பை என் மேசையில் எடுத்து வைத்திருப்பேன். ஜூன் முதல் அவள் வரைந்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. அவளையும் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

அன்புடன்,
வகுப்பாசிரியர்"

இந்தக் குறிப்பில் முக்கியமான விஷயம், செய்தி முதல் பத்தியிலேயே வந்துவிடுவதுதான். "கயல் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவள்" என்று ஆரம்பித்து நாலாவது பத்தியில் "ஆனால்" என்று வந்தால், பெற்றோர் முதல் மூன்று பத்தியையும் நம்ப மாட்டார்கள். "எடுக்கவில்லை" என்று ஆசிரியர் தன்னையே எழுவாயாக வைத்து எழுதியிருப்பதையும் கவனிக்க வேண்டும். "தேர்வு செய்யப்படவில்லை" என்று எழுதினால் தேர்வு செய்தது யார் என்றே தெரியாமல் போய்விடும். பெற்றோர் யாரிடம் பேசுவது?

பாராட்டு ஒரே ஒரு வரிதான், அதுவும் கூரை ஓலையைப் பற்றி. "மிக அருமையாக வரைந்திருக்கிறாள்" என்று எழுதியிருந்தால், அப்படியானால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி உடனே எழும். கூரையைக் கயலே நிரப்பினாள் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஆற்றைப் பற்றி எழுதாமல் விட்டதும் தெரிந்துதான். அம்மா இதைப் படிக்கும்போது அவருக்கே புரியும். புரியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

"இந்தப் பலகைக்கு" என்ற சொற்களில்தான் முழுக் காரணமும் இருக்கிறது. படம் மோசம் என்று குறிப்பு எந்த இடத்திலும் சொல்லவில்லை. இந்தப் பலகை கேட்டதும் இந்தப் படம் சொல்வதும் வேறு வேறு என்கிறது. இப்படி எழுத வேண்டுமானால் பலகை என்ன கேட்கிறது என்பது பிள்ளைகள் வரைய உட்காரும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். 34 தாளையும் மேசையில் பரப்பிவிட்டு "எது நல்லா இருக்கு" என்று பொறுக்கி எடுத்த ஆசிரியரால் இந்தக் குறிப்பை நேர்மையாக எழுதவே முடியாது. அவருக்கே காரணம் தெரியாது.

குறிப்பைப் பள்ளி டைரியில் எழுதுவதை விட உறையில் போட்டுக் கொடுப்பது மேல். டைரியைப் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும். வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நினைத்தே பார்க்கக் கூடாது. 14 பேரின் பெயர் அங்கே ஒரு பட்டியலாக நின்றுவிடும். எழுதப் படிக்க வராத பெற்றோர் இருந்தால், அதே விஷயத்தை மாலையில் அழைத்துப் போக வரும்போது நேரில் சொல்ல வேண்டும், பிள்ளையும் கூட இருக்கும்போதே. எல்லாவற்றுக்கும் முதலில் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தன்னைப் பற்றி அம்மாவுக்கு வந்த கடிதத்தில் என்ன இருக்கிறதோ என்று ஒரு குழந்தை பேருந்தில் பயந்துகொண்டே வீட்டுக்குப் போகக் கூடாது.

சனிக்கிழமை கயலின் அம்மா வருவார். கோபமாக வரலாம், சங்கடத்தோடும் வரலாம். அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று நியாயமானது: "அப்ப புள்ளைக்கு வரையச் சொல்லிக் குடுக்கவே கூடாதா மிஸ்?"

இதற்குச் சுலபமான பதில் இல்லை. லோவன்ஃபெல்ட் இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். அவர் தன் நூலில் ஒரு உதாரணம் காட்டுகிறார். ஒரு குழந்தை தானாகப் பறவை வரைகிறது. அது அதன் சொந்தப் பறவை. பிறகு பயிற்சிப் புத்தகத்தில் அச்சடித்த பறவைக்கு வண்ணம் தீட்டுகிறது. அதற்குப் பிறகு பறவை வரையச் சொன்னால் அந்தப் புத்தகப் பறவைதான் வருகிறது. முதல் பறவை காணாமல் போய்விடுகிறது. கயலின் வானத்தில் பறக்கும் வளைகோடுகளும் அந்த வகைதான். அவள் தெருவில் காக்காயும் மைனாவும் இருக்கின்றன. ஒன்றுகூட வளைகோடு மாதிரி இல்லை.

ஆனால் இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. 1977இல் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற அமெரிக்கத் தம்பதி, குழந்தைகள் வரையக் கற்பதே பிறர் படங்களைப் பார்த்துத்தான் என்று வாதாடினார்கள். சித்திரக் கதைகள், அண்ணன்மார் வரைவது, பக்கத்துப் பிள்ளை வரைவது ஆகியவற்றிலிருந்தே படமொழி குழந்தைக்கு வந்து சேர்கிறது என்றார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வாசலில் அம்மா புள்ளி வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து அதே கோலத்தைப் போட்டுப் பார்த்துத்தான் நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கோடு பழகியிருக்கிறார்கள். பார்த்துப் போடுவது குற்றம் என்று எந்த ஆசிரியரும் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதனால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் நடைமுறை சார்ந்ததாக இருக்கட்டும். நீங்களும் வரையுங்கள், ஆனால் வேறு தாளில். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படாமல் இருந்தால் போதும். "எனக்குக் குடை வரையத் தெரியலை" என்று பிள்ளை கேட்டால், வரைந்து காட்டுவதற்குப் பதில் வீட்டுக் குடையை எடுத்து விரித்துக் கையில் கொடுங்கள். கம்பி எங்கே முடிகிறது, கைப்பிடி எந்தப் பக்கம் வளைகிறது, துணி கம்பிக்குக் கம்பி எப்படித் தொய்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வரைகிற குடை கோணலாகத்தான் வரும். ஆனால் எட்டு கம்பி எண்ணி எட்டும் போட்டிருப்பாள். பார்த்து எழுந்த படம் என்று அதை வைத்தே ஆசிரியர் கண்டுகொள்வார்.

வீட்டில் இன்னொன்றும் நடக்கும். பலகையில் படம் வந்த பிள்ளைக்குச் சாக்லேட், வராத பிள்ளைக்கு "அடுத்த தடவை வந்தா சைக்கிள்" என்ற வாக்குறுதி. அன்பினால் செய்வதுதான். ஆனால் இதன் விளைவை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற இரு குழுப் பிள்ளைகளைப் போல ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசை எதிர்பார்த்து அவர்கள் வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

பலகையும் ஒரு சான்றிதழ்தான், யாரும் அப்படிச் சொல்லாவிட்டாலும். அதனால்தான் குறிப்பில் ஜனவரி என்று மாதம் போட்டு எழுத வேண்டியிருக்கிறது. படங்கள் மாறும், எல்லோரும் வருவார்கள் என்று பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்தால் பலகை பரிசாக இல்லாமல் முறையாகிவிடும். தண்ணீர்க் குழாய் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் மேல் நமக்குப் பொறாமை வருவதில்லையே. அது போல.

இந்த முறையை நம் அரசுப் பள்ளிகள் ஒரு காலத்தில் நன்றாகவே கையாண்டன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் வகுப்பறைக்குக் கம்பிப் பந்தல் என்று ஒன்று உண்டு. குழந்தைகளின் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அவர்கள் வரைந்ததையும் செய்ததையும் அதில் தொங்கவிடுவார்கள். சுவரில் இடம் தீர்ந்தாலும் கம்பியில் தீராது. ஒரு வகுப்பறை 20 அடி நீளம் என்றால், நீளவாட்டில் நான்கு கம்பி இழுத்தால் 80 அடி. 34 தாளையும் தொங்கவிட்டு இன்னொரு 34க்கும் இடம் இருக்கும். மின்விசிறிச் சிறகு படாத உயரத்திலும் தூரத்திலும் கம்பி போக வேண்டும், தாளுக்கு இரண்டு கிளிப் போட வேண்டும், அவ்வளவுதான். இப்படி எல்லாப் படமும் தொங்கும் வகுப்பில் நான் சொன்ன குறிப்புக்கே வேலை இல்லை. தலைப்பை ஒட்டிய தேர்வு வேண்டும் என்றால் மட்டும் பலகை, மற்ற நாளெல்லாம் பந்தல் என்று வைத்துக்கொண்டால் பெற்றோரும் இரண்டின் வேறுபாட்டைத் தாமே புரிந்துகொள்வார்கள்.

பலகை மட்டுமே இருக்கும் பள்ளியில் ஆசிரியர் ஒரு வேலை செய்தாக வேண்டும். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதி, பலகை மாறும் ஒவ்வொரு முறையும் யார் படம் ஏறியது என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். மூன்று முறை மாறியதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் பல விஷயம் தெரியும். சில பெயருக்கு மூன்று புள்ளி, சிலதற்கு ஒன்றுமே இல்லை. புள்ளி இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் வண்ணப் பெட்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். பென்சிலால் மட்டும் வரைந்த படம் ஆறடி தூரத்தில் மங்கலாகத் தெரிவதால் விடுபட்டிருக்கும். அப்போது அடுத்த தலைப்பையே "பென்சில் மட்டும்" என்று வைத்து, எல்லோருக்கும் ஒரே வகைப் பென்சிலை வகுப்பிலேயே கொடுத்து வரையச் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தாளை அனுப்பவே கூடாது. ஆறு போட்டுக் கொடுக்கும் கை அங்கே வராது, வண்ணப் பெட்டியின் விலையும் வராது.

ஒரே வீட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டாவது முறையும் இப்படி ஒரு குறிப்பு எழுத வேண்டி வந்தால், எழுத உட்காரும் முன் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கயலுக்குப் பொருந்தாத தலைப்பையே இரண்டு முறையும் வைத்திருக்கிறோமா என்று அதில் தெரிந்துவிடும். தெரிந்தால் மாற்ற வேண்டியது தலைப்பை.